மாதிரி விடையை எப்போது திறப்பது?

ஒரு மாணவரிடம் பத்துக் கேள்விகளும் அவற்றுக்கான மாதிரி விடைகளும் இருக்கின்றன. படிப்பதற்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது. ஒரு மாதிரி விடையை நிதானமாக வாசிக்க ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்துக்குள் பத்தையும் இருமுறை வாசித்துவிடலாம். மாறாக, ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் தாமே விடை எழுதி, பிறகு மாதிரியைத் திறந்து வரிக்கு வரி ஒப்பிட்டால், ஒரு கேள்விக்கு இருபத்தைந்து நிமிடம்கூட ஆகும். ஐந்து கேள்விகளைத் தொடுவதற்கே நேரம் போதாது. பத்தை இருமுறை வாசிப்பதா, நான்கைந்தை எழுதிப் பார்ப்பதா என்று கேட்டால் பெரும்பாலோர் முதல் வழியையே எடுக்கிறார்கள். நான் இரண்டாவதைப் பரிந்துரைக்கிறேன். பல ஆண்டுகளாக அறிவியல் விடைத்தாள்களைத் திருத்தியும், மாணவர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய விடையையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் எனக்கு ஏற்பட்ட முடிவு அது. ஆயினும் அது எல்லா நிலையிலும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்; பொருந்தாத இடத்தையும் பின்னர் சொல்கிறேன்.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு வழிகளிலும் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்லது. கேள்வி இது: பூமியில் கோடையும் குளிர்காலமும் மாறி மாறி வருவது ஏன்? மாதிரி விடை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

“பூமியின் சுழற்சி அச்சு, சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தாக இல்லாமல் ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்துள்ளது. ஆண்டு முழுவதும் அந்த அச்சு விண்வெளியில் ஒரே திசையை நோக்கியே இருப்பதால், சுற்றுப்பாதையின் ஒரு பக்கத்தில் வட அரைக்கோளமும் மறுபக்கத்தில் தென் அரைக்கோளமும் சூரியனை நோக்கி அமைகின்றன. அவ்வாறு அமையும் அரைக்கோளத்தில் நண்பகல் சூரியன் உயரத்தில் நிற்பதால் ஒளி குறைந்த பரப்பில் செறிந்து விழுகிறது, பகற்பொழுதும் நீள்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து கோடையைத் தருகின்றன. சுற்றுப்பாதையில் பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு மாறுவது பருவங்களுக்குக் காரணமன்று.”

இதை வாசிக்கும் மாணவர் முதல் வாக்கியத்திலேயே தலையசைக்கிறார். அச்சு சாய்ந்திருக்கிறது என்பதும் 23.4 என்ற எண்ணும் அவருக்கு முன்பே தெரிந்தவை. அடுத்த வாக்கியங்களும் சிக்கலின்றிப் புரிகின்றன; ஒன்றுகூட அவர் அறிந்ததோடு மோதுவதாகத் தோன்றவில்லை. எனவே “இது எனக்குத் தெரியும்” என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, அலட்சியமும் காட்டவில்லை. பிறர் தெளிவாக எழுதிவைத்ததைப் பின்தொடர்வது எளிது. அந்த எளிமையைத் தம் அறிவின் அளவாக அவர் எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான்.

இப்போது அதே மாணவர் மாதிரியைத் திறவாமல் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? நான் திருத்திய தாள்களில் மீண்டும் மீண்டும் கண்ட விடை இந்த வடிவில் இருக்கும்:

“பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. இதனால் பருவங்கள் ஏற்படுகின்றன. ஓர் அரைக்கோளம் சூரியனை நோக்கிச் சாயும்போது அது சூரியனுக்கு அருகில் வருகிறது. எனவே அங்கே வெப்பம் கூடிக் கோடை வருகிறது. ஆறு மாதம் கழித்துப் பூமி மறுபக்கமாகச் சாய்வதால் அங்கே குளிர்காலம் வருகிறது.”

ஐந்து வாக்கியங்கள். முதலிரண்டும் சரி. மூன்றாவது ஒரு தவறான காரணத்தைச் சொல்கிறது. நான்காவது அந்தக் காரணத்தின் மேல் ஏறி நிற்கிறது. ஐந்தாவது இன்னொரு தவறைச் சொல்கிறது. இந்த இரண்டு தவறுகளும் மாதிரியை வாசித்தபோதும் அவர் மனத்தில் இருந்தவைதாம். ஆனால் வாசிப்பு அவற்றைத் தொடவே இல்லை, ஏனென்றால் அவை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. தாளில் வந்த பிறகுதான் அவற்றை விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

ஐந்தாவது வாக்கியத்தை மாதிரியோடு ஒப்பிடும்போது நடப்பதைக் கவனியுங்கள். மாணவர் “மறுபக்கமாகச் சாய்வதால்” என்று எழுதியிருக்கிறார். மாதிரி “ஒரே திசையை நோக்கியே இருப்பதால்” என்கிறது. இரண்டும் ஒன்றையொன்று நேராக மறுக்கின்றன. வாசித்தபோது “ஒரே திசையை நோக்கியே” என்ற மூன்று சொற்களும் வெறும் அடைமொழியைப் போலக் கண்ணைக் கடந்து போயிருந்தன. சொந்த வாக்கியம் அருகில் இருக்கும்போது அதே மூன்று சொற்கள்தாம் அந்த விடையின் அச்சாணி என்று தெரிகிறது. மாதிரி விடையில் எந்தச் சொல் சுமை தாங்குகிறது, எந்தச் சொல் சும்மா நிற்கிறது என்பதை, நாம் எழுதியதன் தவறே நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. வேறு எந்த வழியிலும் இது இவ்வளவு கூர்மையாகத் தெரிந்து நான் பார்த்ததில்லை.

மூன்றாவது வாக்கியத்தின் கதை இன்னும் நுட்பமானது. மாதிரி விடையின் கடைசி வரி தொலைவைப் பற்றிப் பேசுகிறது அல்லவா? அதை வாசித்த உடனே மாணவரின் தவறு நீங்கியிருக்க வேண்டும் என்று நாம் நினைப்போம். நீங்குவதில்லை. அந்த வரி பூமி முழுவதும் சுற்றுப்பாதையில் சூரியனை நெருங்குவதையும் விலகுவதையும் பற்றியது. மாணவர் நம்புவதோ, சாய்வினால் ஓர் அரைக்கோளம் மட்டும் சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்பது. “சுற்றுப்பாதைத் தொலைவு காரணமில்லை என்பது எனக்குத் தெரியும், சாய்வுதான் காரணம்” என்று அவர் அந்த வரியையும் தம் தவறோடு இணக்கமாகவே வாசித்துவிடுகிறார். எழுதி ஒப்பிடும்போதுதான் “அருகில் வருகிறது” என்ற தம் சொல்லுக்கு மாதிரியில் இணையான சொல்லே இல்லை என்பதை அவர் காண்கிறார். அந்த இடத்தில் மாதிரி சூரியனின் உயரத்தையும் ஒளியின் செறிவையும் பேசுகிறது. நான் எழுதிய காரணம் அங்கே இல்லை, அங்கே இருக்கும் காரணம் என்னிடம் இல்லை என்ற நிலை ஒரு கேள்வியை எழுப்புகிறது: “அருகில் வருவது” காரணமாக இருக்கவே முடியாதா?

கேள்வி எழுந்துவிட்டால் கணக்கு எளிது. பூமியின் விட்டம் ஏறத்தாழ 12,700 கிலோமீட்டர். சூரியனுக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர். ஒரு பக்கம் எவ்வளவுதான் சாய்ந்தாலும் அதனால் வரும் நெருக்கம் பூமியின் விட்டத்தைத் தாண்ட முடியாது. அது மொத்தத் தொலைவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மேலும், பூமி சூரியனுக்கு மிக அருகில், அதாவது 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஜனவரித் தொடக்கத்தில்; மிகத் தொலைவில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். வட அரைக்கோளத்தின் கோடை, பூமி விலகி நிற்கும் காலத்தில்தான் வருகிறது.

எதிர்ப்பக்கத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். வட அட்சரேகை 40 பாகையில் உள்ள ஓர் இடத்தில், ஜூனில் மிக நீண்ட பகல் வரும் நாளன்று நண்பகல் சூரியனின் உயரம் 90 − 40 + 23.4, அதாவது 73.4 பாகை, டிசம்பரில் அது 90 − 40 − 23.4, அதாவது 26.6 பாகை. கிடைத்தரையில் விழும் ஒளியின் செறிவு இந்தக் கோணத்தின் சைன் மதிப்பைப் பொறுத்தது: முன்னதற்கு 0.96, பின்னதற்கு 0.45. வளிமண்டலத்தின் விளைவை ஒதுக்கிவிட்டால், ஜூன் நண்பகலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைக்கும் ஒளி டிசம்பரில் கிடைப்பதைப்போல இரு மடங்குக்கும் மேல். அதோடு அங்கே ஜூனில் பகல் ஏறத்தாழ 15 மணி நேரம், டிசம்பரில் 9 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கு மாதிரி விடையில் இல்லை. ஒரு பத்தி அளவுள்ள விடையில் அதற்கு இடமும் இல்லை. மாதிரி சொல்லாமல் விட்டதை மாணவர் தேடிப் போனதற்குக் காரணம், தம் வாக்கியம் பொய்த்துப்போனதை அவர் கண்ணால் கண்டதுதான்.

இந்த இடத்தில் மூன்றாவது வழி ஒன்றையும் சொல்ல வேண்டும். பலர் அதையே “எழுதிப் பார்ப்பது” என்கிறார்கள். மாதிரியை நன்றாக வாசித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதுவது. வெறும் வாசிப்பைவிட இது மேலானது என்பதற்கு நல்ல சான்று உண்டு. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பத்தியை நான்கு முறை படித்தவர்களையும், ஒருமுறை படித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் 83 சதவீதமும் எழுதியவர்கள் 71 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்தவர்கள் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள்; எழுதியவர்கள் 61 சதவீதத்தில் நின்றார்கள். தமக்கு அதிகம் நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் படித்தவர்களே என்பதும் அதில் தெரியவந்தது. மறுநாளே தேர்வு என்னும்போது வாசிப்பு ஏன் அவ்வளவு திருப்தி தருகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

ஆனால் இந்த மூன்றாவது வழி சோதிப்பது மாதிரி நினைவில் நிற்கிறதா என்பதை. நம் பருவக் கேள்வியில் மாணவர் மாதிரியின் ஐந்து வாக்கியங்களையும் பிழையின்றித் திரும்ப எழுதிவிடலாம். “அருகில் வருகிறது” என்ற நம்பிக்கை அப்போதும் அவருக்குள் அப்படியே இருக்கும், ஏனென்றால் அதைச் சொல்ல யாரும் அவரைக் கேட்கவில்லை. கேள்வியைச் சற்றுத் திருப்பிக் கேட்டால் அது வெளியே வந்துவிடும். விவரங்களை நினைவில் நிறுத்த வேண்டிய பாடங்களுக்கு இந்த வழி போதும். காரணங்களைக் கோத்து எழுத வேண்டிய விடைகளுக்குப் போதாது என்பது என் கருத்து.

முதலில் தவறாக எழுதிவிட்டால் தவறே மனத்தில் பதிந்துவிடாதா என்று பெற்றோரும் சில ஆசிரியர்களும் கேட்பதுண்டு. நியாயமான அச்சம்தான். கார்னெல், ஹேஸ், பியோர்க் ஆகிய மூவரும் 2009-இல் சொற்சோடிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். இணைச்சொல்லை முதலில் ஊகிக்கச் சொல்லி, ஊகம் தவறான பிறகு சரியானதைக் காட்டியபோது, அந்த நேரம் முழுவதும் சரியான சோடியையே பார்த்துக்கொண்டிருந்ததைவிட நன்றாக நினைவில் நின்றது. ஆனால் சரியான விடை உடனே காட்டப்பட வேண்டும். பின்வந்த ஆய்வுகளில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத சொற்சோடிகளில் இந்தப் பயன் கிடைக்கவில்லை. ஊகிப்பதற்குக் கொஞ்சமாவது பிடி இருந்தால்தான் தவறான ஊகமும் உதவுகிறது.

அந்தப் பிடிதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய அளவுகோல் என்று கருதுகிறேன். பாடத்தை இன்றுதான் முதன்முதலாகத் தொடும் ஒருவரிடம் வெற்றுத்தாளைக் கொடுத்து எழுதச் சொல்வது அவருடைய இருபது நிமிடத்தை வீணாக்குவது. ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-இல் இயற்கணிதக் கணக்குகளைக் கொண்டு செய்த ஆய்வில், புதிதாகக் கற்பவர்கள் செய்துகாட்டிய கணக்குகளைப் படித்து அதேபோன்றவற்றைச் செய்தபோது, எல்லாவற்றையும் தாமே போட்டுப் பார்த்தவர்களைவிட விரைவாகவும் குறைந்த பிழையோடும் செய்தார்கள். வழியே தெரியாதவருக்கு முதலில் வழியைக் காட்டத்தான் வேண்டும். ஆகவே புதிய வகைக் கேள்வி என்றால் ஒன்றிரண்டு மாதிரிகளை வாசித்துவிட்டு, அடுத்த கேள்வியிலிருந்து எழுதத் தொடங்குவதே முறை. எப்போது மாறுவது என்பதற்கு ஓர் எளிய அடையாளம் உண்டு: கேள்வியைப் பார்த்து, தவறாகவேனும் மூன்று வாக்கியம் தொடர்ந்து எழுத முடிந்தால் அவர் எழுதத் தயாராகிவிட்டார். முதல் வாக்கியமே வரவில்லை என்றால் வாசிக்கட்டும்.

இனி ஒப்பிடும் முறை. எழுதும் நேரத்தைவிட இங்கேதான் அதிகம் பாழாகிறது. பெரும்பாலான மாணவர்கள் தம் விடையில் மாதிரியின் சொற்கள் இருக்கின்றனவா என்று தேடி, இருந்தால் சரி போடுகிறார்கள். மேலே கண்ட விடையில் “அச்சு”, “23.4 பாகை”, “அரைக்கோளம்”, “சூரியனை நோக்கி” என்று எல்லாம் இருக்கின்றன, இப்படித் திருத்தினால் அதற்கு முக்கால்வாசி மதிப்பெண் விழுந்துவிடும். இன்னும் சிலர் சிவப்பு மையெடுத்து, விடுபட்ட வாக்கியத்தை மாதிரியிலிருந்து பார்த்து ஓரத்தில் எழுதிக்கொள்கிறார்கள். தாள் நிறைவாகத் தெரியும். ஆனால் அது வாசிப்பையே கையால் செய்ததாகும்.

நான் சொல்லித்தரும் முறை சொற்களை விட்டுவிட்டுக் காரணத் தொடரைப் பார்ப்பது. இரண்டு விடைகளையும் “இதனால் இது” என்ற சங்கிலியாகச் சுருக்கி அடுத்தடுத்து எழுத வேண்டும். மாணவருடையது: சாய்வு, அதனால் அருகாமை, அதனால் வெப்பம். மாதிரியுடையது: சாய்வும் மாறாத திசையும், அதனால் சூரியனின் உயரமும் பகலின் நீளமும், அதனால் வெப்பம். இப்படி வைத்ததும் நடுக்கண்ணி வேறு என்பதும், மாதிரியின் முதல் கண்ணியில் இரண்டு செய்திகள் இருக்கும்போது தம்முடையதில் ஒன்றே இருப்பதும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். பிறகு, மாதிரியை மூடிவிட்டு, வேறுபாட்டைத் தம் சொந்தச் சொற்களில் ஒரு வாக்கியமாக எழுத வேண்டும்: “நான் அருகில் வருவதைக் காரணமாக்கினேன், உண்மையில் ஒளி விழும் கோணமும் நேரமும்தான் மாறுகின்றன.” இந்த ஒரு வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் ஒப்பீடு இன்னும் முடியவில்லை என்று பொருள். எல்லா வேறுபாடும் குறையாகிவிடாது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வரிசை மாறியிருக்கலாம், எடுத்துக்காட்டு வேறாக இருக்கலாம், மாதிரியே ஓர் இடத்தில் சுருக்கமாக விட்டிருக்கலாம். சங்கிலி அறுபடாத வரை அவற்றைத் திருத்தத் தேவையில்லை.

திருத்திய விடையை அதே மணி நேரத்தில் மீண்டும் எழுதிப் பார்ப்பதில் பயன் குறைவு. மாதிரியின் சொற்கள் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். மூன்று நாள் கழித்து, அதே கேள்வியைக் கேட்காமல் சற்று மாற்றிக் கேட்பதே நல்ல சோதனை. பருவங்களைப் பொறுத்தவரை நான் கேட்பது இது: யுரேனஸ் கோளின் அச்சு ஏறத்தாழ 98 பாகை சாய்ந்துள்ளது, அது சூரியனை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகின்றன, அதன் துருவத்தில் ஒருவர் நின்றால் என்ன காண்பார்? “அருகாமை” என்ற எண்ணம் இன்னும் மிஞ்சியிருப்பவர், ஒரு துருவம் சூரியனுக்குப் பக்கத்தில் போவதால் மிகவும் சூடாகும் என்று எழுதுவார். அச்சு மறுபக்கமாகச் சாயும் என்று நம்புபவர் அது எப்போது சாயும் என்று தேடிக்கொண்டிருப்பார். அச்சு திசை மாறாமல் இருக்கிறது என்பதைத் தம் பழைய வாக்கியத்தை அடித்துவிட்டுக் கற்றவர், ஏறத்தாழ 42 ஆண்டுகள் இடைவிடாத வெளிச்சம், பிறகு 42 ஆண்டுகள் இருட்டு என்று எழுதிவிடுவார், யுரேனஸைப் பற்றி எந்த மாதிரி விடையும் வாசிக்காமலே.

மீண்டும் அந்தப் பத்துக் கேள்விகளுக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் வருவோம். பத்தையும் எழுத முடியாது என்பது உண்மை. காரணம் கேட்கும் கேள்விகளில் மூன்றை முழுமையாக எழுதி ஒப்பிட ஒன்றேகால் மணி நேரம் போதும். இன்னும் மூன்றுக்கு விடையின் சங்கிலியை மட்டும் நான்கு வரியில் எழுதிவிட்டு மாதிரியோடு ஒப்பிடலாம். இதற்கு ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். முழு விடை எழுதுவதன் பயனில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடுகிறது. வரையறையும் பட்டியலும் கேட்கும் மீதி நான்கையும் வாசித்து, மூடி, ஒருமுறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால், எஞ்சிய கால் மணி நேரத்தில் இயன்றவரை முடியும். எந்த மூன்றை முழுமையாக எழுதுவது என்று என்னிடம் கேட்டால், “இது எனக்கு நன்றாகத் தெரியும்” என்று அவர் ஒதுக்கிவைத்திருக்கும் கேள்விகளிலிருந்து ஒன்றையாவது கட்டாயம் எடுக்கச் சொல்வேன்.